இன்னும் உறுதிப்படுத்தவில்லை

உமக்கு,

நேற்று இரவு நீர் அனுப்பிய உறவுநிலைக் கோரிக்கை என் முகநூலில் இன்னும் காத்திருக்கிறது. உம்முடைய அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்து மூன்றாம் நாள். திவசம் முடியட்டும் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர். நான் ஏன் இன்னும் உறுதிப்படுத்தவில்லை என்று காலையில் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உம்மிடம் முதலில் காட்டி, "போடும்" என்று நீர் சொன்ன பிறகுதான் இது இங்கே வருகிறது. ஜூலையில் செய்யாததை இப்போதாவது செய்கிறேன்.

ஜூலையில் உம்மைக் கேட்காமல் நம்முடைய படத்தை முகநூலில் போட்டது பிழை. ஆனால் மூன்று வருடங்கள் காலிமுகத்திடலில் ஒரு குடைக்குள் ஒளிந்திருந்தவன் நான் என்பதையும் நினைத்துப் பாரும். வெள்ளவத்தையில் தெரிந்த முகம் எதிரே வந்தால் பத்தடி பின்தங்கி நடப்பேன். அம்மா வட்ஸ்அப்பில் சாதகக் குறிப்புகள் அனுப்பும்போதெல்லாம் காரணம் சொல்லாமல் தட்டிக்கழிப்பேன். எனக்கு ஏதோ வருத்தம் என்று அவர் நேர்த்திவைக்கத் தொடங்கிவிட்டார். உம்முடைய வீட்டின் துக்கத்தை நான் மதித்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களுக்கு என்ன காரணம்? அதை இங்கே எழுதமாட்டேன். ஊரைக் கேட்பவர்கள் ஊரை மட்டும் கேட்பதில்லை என்பது உமக்கும் எனக்கும் தெரியும், வாசிக்கிறவர்களிலும் பலருக்குத் தெரியும்.

நான் ஒன்றை நம்பித்தான் போட்டேன். உம்மை இணைக்கும் பதிவுகள் நீர் அனுமதித்தால்தான் தோன்றும் என்று வைத்திருந்தீர். நீர் விரும்பாவிட்டால் அது வெளியே வராது என்று நினைத்தேன். அந்த ஏற்பாடு உம்முடைய பக்கத்தை மட்டுமே காக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. என் பக்கத்தில் படம் இருந்தது. உம்முடைய பெயரை இணைத்ததால் உம்முடைய நண்பர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. உறவுநிலையை மாற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும். படம் போட ஒருவர் போதும். இங்கே இரவு ஒன்பது மணி, உம்முடைய உறவினர்கள் இருக்கும் ரொறன்ரோவில் முற்பகல் பதினொன்றரை. நாற்பது நிமிடங்களில் அழித்துவிட்டேன், ஆனால் அதற்குள் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷொட் உங்கள் குடும்பக் குழுவில் இருந்தது. அதை என்னால் அழிக்க முடியவில்லை.

மறுநாள் மாலை வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்றோம். கடல் இரைந்துகொண்டிருந்தது. உம்முடைய அம்மா அழைத்தார். நீர் "ஓம் அம்மா" என்றீர். மீண்டும் "ஓம்". பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கி, போய்விட்டது. அவ்வளவு நேரமும் அலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், ஒரு சொல்லும் பேசாமல் நின்றீர். பிறகு என்னிடம் சொன்னீர்: பெரியம்மா தொலைபேசியில் "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். "ஓம், பிள்ளை எனக்கு எப்போதோ சொல்லிவிட்டாள்" என்று அம்மா பதில் சொன்னாராம்.

கணவரை இழந்து எட்டு மாதமான ஒரு பெண், தன் மகளை விட்டுக்கொடுக்காமல் இருக்க அப்படி ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவன் நான்.

நீர் அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "சாப்பிட்டீரா?" என்று கேட்டீர். அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் உம்மை இன்னும் கூடுதலாக நேசிக்கிறேன். அதே வேகத்தில் கோபமும் வருகிறது, ஏனென்றால் அதன்பின் நான்கு மாதங்களாக நீர் அம்மாவிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்று காலை கேட்டேன்: "அம்மாவுக்குச் சொல்லிவிட்டீரா?" "அவருக்குத் தெரியும்தானே" என்றீர். யாரோ ஒருவருடைய திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டார். நீர் சொல்லவில்லை. நான் இப்போது உறுதிப்படுத்தினால், இரண்டாவது முறையும் அவர் திரையில்தான் பார்ப்பார்.

அதனால் இப்படிச் செய்வோம். உறவுநிலையை யார் பார்க்கலாம் என்பதை உம்முடைய பக்கத்தில் "எனக்கு மட்டும்" என்று மாற்றும். என் பக்கத்திலும் அப்படியே வைக்கிறேன். ஒருவர் மறைத்து மற்றவர் திறந்து வைத்தால் பயனில்லை, திறந்திருக்கும் பக்கத்தில் பெயர் தெரிந்துவிடும். பிறகு யாழ்ப்பாணம் போய் அம்மாவின் முன்னால் இருவரும் இருப்போம். நீர் பேசும். அவர் ஒரு படம் எடுக்கச் சொன்னால் எடுப்போம். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பேன், மகிழ்ச்சியோடு என்று பொய் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையிலிருந்து போகும் பஸ்ஸில் இடம் இருக்கிறது. தெரிந்தவர்கள் பலர் ஏறும் பஸ் அது. பக்கத்துப் பக்கத்து இருக்கையா, தனித்தனியா என்று சொல்லும். நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.