டேட்டாஷீட்டில் 0xFFFF, சிப்புக்குள் 0x1D0F

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: தங்கள் தொடர்பு சிப்பின் சிஆர்சி பகுதி, டேட்டாஷீட்டுக்கும் தாங்களே தந்த மாதிரிக் குறிமுறைக்கும் ஒத்துப்போகாதது குறித்துப் புகார்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் சிப்பை எங்கள் சென்சார் போர்டில் பயன்படுத்துகிறோம். சிப் ஒவ்வொரு ஃபிரேமின் கடைசியிலும் 16 பிட் சிஆர்சியைத் தானே கணக்கிட்டு ஒட்டி அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரில் தங்கள் மாதிரிக் குறிமுறையை அப்படியே போட்டுச் சரிபார்க்கிறோம். வந்த ஃபிரேம் ஒன்றுகூடத் தேறவில்லை. இதற்காக மூன்று வாரம் போயிற்று.

தங்கள் உதவிக் குழுவிடம் கேட்டபோது முதலில் கேபிளில் இரைச்சல் என்றார்கள். இரைச்சலாக இருந்தால் நூற்றில் ஒன்றிரண்டு ஃபிரேம் கெடும்; எல்லாமே கெட்டு, அதுவும் ஒரே ஃபிரேமுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே 'தப்பான' எண் எப்படி வரும்? அடுத்து, பைட் வரிசையை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். மாற்றிப் பார்த்தோம், அதுவும் இல்லை. அதன் பிறகு பதிலே வரவில்லை. ஆகவே நானே உட்கார்ந்து தோண்டியதை எழுதுகிறேன்.

டேட்டாஷீட் சொல்வது இவ்வளவுதான்: பாலினாமியல் 0x1021, தொடக்க மதிப்பு 0xFFFF, பிட்டுகளைத் திருப்பிப் போடுவதில்லை. தங்கள் மாதிரிக் குறிமுறையின் உள்சுற்று இது:

```c
crc ^= (uint16_t)b << 8;
for (i = 0; i < 8; i++)
    crc = (crc & 0x8000) ? (crc << 1) ^ 0x1021
                         : (crc << 1);
```

எல்லோரும் சோதனைக்குப் போடும் `123456789` என்ற ஒன்பது ஆஸ்கி எழுத்துகளுக்கு இது 0x29B1 தருகிறது. தங்கள் சிப் அதே ஒன்பது பைட்டுக்கு 0xE5CC தருகிறது.

நான் முதலில் ஏமாந்தது ஓரிடத்தில். தொடக்க மதிப்பு ரெஜிஸ்டரில் 0 எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 0x31C3 என்று கச்சிதமாகப் பொருந்தின. சரி, பாலினாமியலும் பிட் வரிசையும் சரியாக இருக்கின்றன, 0xFFFF ரெஜிஸ்டருக்குள் ஒழுங்காக ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எஸ்பிஐ எழுத்து நேரத்தை ஆராய்வதிலேயே நான்கு நாள் செலவழித்தேன். ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்தால் 0xFFFF என்றே வந்தது. அப்போதும் புரியவில்லை.

புதிரை உடைத்தது ஒரு சின்னச் சோதனை. தரவே இல்லாமல், பூஜ்யம் பைட் நீளத்துக்கு சிஆர்சி கேட்டேன். ஃபர்ம்வேர் 0xFFFF என்றது. ஒன்றும் நுழையவில்லையே, தொடக்க மதிப்புதான் மிஞ்சும். சிப் 0x1D0F என்றது. அதாவது தரவு எதுவும் வராமலே உள்ளே ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஓடியிருக்கிறது. 0xFFFF-ஐ எடுத்து, பூஜ்யப் பிட்டுகளை உள்ளே விட்டுத் தாளில் ஒவ்வொரு கிளாக்காக நகர்த்தினேன்: 0xEFDF, 0xCF9F, 0x8F1F, 0x0E1F என்று போய், சரியாக 16ஆவது கிளாக்கில் 0x1D0F வந்து நின்றது.

தங்கள் வடிவமைப்பாளர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் டேட்டாஷீட் எழுதியவருக்குத் தேவை என்று தோன்றுகிறது. ஒரே பாலினாமியலுக்கு எல்எஃப்எஸ்ஆரை இரண்டு விதமாகக் கட்டலாம். மாதிரிக் குறிமுறை செய்வது, தரவுப் பிட்டை ரெஜிஸ்டரின் மேல்முனையில், வெளியேறும் பிட்டோடு எக்ஸார் செய்து பின்னூட்டமாக அனுப்புவது. கடைசிப் பிட் நுழைந்ததுமே விடை தயார். தங்கள் சிப்பில் தரவுப் பிட் கீழ்முனையில் நுழைகிறது:

```c
top = crc & 0x8000;
crc = (crc << 1) | bit;
if (top) crc ^= 0x1021;
```

இதில் கடைசிப் பிட் ரெஜிஸ்டர் முழுக்க நகர்ந்து பாலினாமியலைச் சந்திக்க, பின்னால் 16 பூஜ்யப் பிட்டுகளைத் தள்ளியாக வேண்டும். தங்கள் ஹார்டுவேர் அதைத் தானாகவே செய்கிறது. டேட்டாஷீட்டின் நேர வரைபடத்திலேயே கடைசித் தரவுப் பிட்டுக்கும் 'சிஆர்சி தயார்' கொடிக்கும் நடுவில் 16 கிளாக் இடைவெளி வரைந்திருக்கிறது. ஏன் என்று மட்டும் ஒரு வரி இல்லை. பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டு கட்டமைப்பும் ஒரே விடை தரும், ஏனென்றால் பூஜ்யத்தை எத்தனை முறை நகர்த்தினாலும் பூஜ்யம்தான். 0xFFFF-இல் தொடங்கினால் அந்த 0xFFFF-உம் கூடுதலாக 16 அடி நகர்ந்துவிடுகிறது. ஆக, தங்கள் சிப்பின் 0xFFFF, மாதிரிக் குறிமுறையின் கணக்கில் 0x1D0F.

சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியிலும் பார்க்கலாம். `A` என்ற ஒரே எழுத்துக்கு ஃபர்ம்வேர் 0xB915, சிப் 0x9479. இரண்டையும் எக்ஸார் செய்தால் 0x2D6C. வேறு எந்த ஒரு பைட்டைக் கொடுத்தாலும் அந்த வித்தியாசம் அதே 0x2D6C-தான். நானும் 256 பைட்டையும் ஓடவிட்டுப் பார்த்தேன், மாறவில்லை. வித்தியாசம் தரவின் உள்ளடக்கத்தைச் சாராமல் நீளத்தை மட்டும் சார்ந்தால், இரண்டு பக்கமும் வேறுபடுவது தொடக்க மதிப்பில் அல்லது கடைசியில் சேர்க்கும் எக்ஸாரில்தான். பாலினாமியலோ பிட் வரிசையோ மாறியிருந்தால் வித்தியாசம் பைட்டுக்குப் பைட் தாறுமாறாக ஆடும். தங்கள் உதவிக் குழு இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

சிப்பில் பிழை என்று நான் சொல்லவில்லை. கெட்ட பிட்டுகளைப் பிடிப்பதில் இரண்டு முறைக்கும் ஒரு குறையும் கிடையாது. தங்கள் சிப் இரண்டைக் கோர்த்துவிட்டால் ஒன்றுக்கொன்று அழகாகப் பேசிக்கொள்ளும். தங்கள் சோதனைக்கூடத்தில் இது பிடிபடாமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆனால் சிப்பை ஒருவரும் மாதிரிக் குறிமுறையை வேறொருவரும் எழுதி, இரண்டையும் ஒரு மேசையில் வைத்து ஒரே ஒரு ஃபிரேமைக்கூட அனுப்பிப் பார்க்காமல் விற்பனைக்கு விட்டிருக்கிறீர்கள். அதுதான் என் புகார்.

இப்போதைக்கு நாங்கள் தப்பித்தது இப்படி: களத்தில் இருக்கும் ரிசீவர்களின் ஃபர்ம்வேரை மாற்ற வழியில்லை. ஆகவே 16 அடி நகர்ந்தபின் 0xFFFF ஆகும் எண்ணைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, சிப்பின் தொடக்க ரெஜிஸ்டரில் 0x84CF எழுதுகிறோம். இப்போது சிப்பும் 0x29B1 தருகிறது. ரிசீவரை மாற்ற முடிந்தவர்கள் சிப்பை 0xFFFF-இலேயே விட்டுவிட்டு, குறிமுறையில் 0x1D0F என்று தொடங்கினால் போதும்.

தங்களிடம் கேட்பவை மூன்று. டேட்டாஷீட்டில் தரவு எந்த முனையில் நுழைகிறது என்பதையும், அந்த 16 பூஜ்யப் பிட்டுகளையும், `123456789`-க்கு வர வேண்டிய எண்ணையும் அச்சிடுங்கள். அந்த ஒரு எண் இருந்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சம். மாதிரிக் குறிமுறையைத் திருத்தி, திருத்தம் என்ன என்பதைப் பிழைப்பட்டியலில் சேருங்கள். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: இதைப் படித்துவிட்டு அடுத்த பதிப்புச் சிப்பில் எல்எஃப்எஸ்ஆரைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் 0x84CF எழுதும் எங்கள் போர்டுகள் அத்தனையும் அன்றே ஊமையாகிவிடும். மாற்றியே தீர வேண்டுமென்றால், பதிப்பு எண்ணை ஃபர்ம்வேர் படித்தறிய ஒரு ரெஜிஸ்டர் வையுங்கள். முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

பழுது என்று நினைத்துத் திருப்பியனுப்பிய 60 சிப்புகளும் நல்ல சிப்புகளே. அவற்றை எங்களுக்கே அனுப்பிவைக்கவும். போக்குவரத்துச் செலவு தங்களுடையது. ஆஸிலோஸ்கோப் பதிவுகளையும் 256 பைட் சோதனையின் முடிவுகளையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஃபர்ம்வேர் பொறியாளர்