வெள்ளிக்கிழமைக் குறும்பேச்சு: கன்சோலுக்குக் காற்று

உறுப்பினர்களே, இந்த வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் வீடியோ கேம் கன்சோலைப் பாதுகாப்பாக அமைப்பது பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறேன். பெரும்பகுதி காற்றோட்டம் பற்றியது.

டிவி அலமாரிக்குள் வைத்த கன்சோலை எடுத்துக்கொள்வோம். பின்புறம் வெளியேறும் வெப்பக்காற்று அங்கேயே சுழன்று மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. விசிறி இரைச்சல் கூடும். பிறகு வெப்ப எச்சரிக்கை வரும், சில வேளை தானாகவே அணைந்துவிடும். முன்கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது, வெப்பம் சேர்வது பின்னால்தானே! வெளியே எடுத்து, சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி வையுங்கள். கம்பளமும் மெத்தையும் வேண்டாம்.

கேபிள்களைச் சுருட்டிக் காற்றுத்துளையின் முன் திணிக்காதீர்கள். நடைவழியிலும் விடாதீர்கள், கால் தடுக்கினால் கன்சோலும் சேர்ந்து விழும். 43 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி அமரலாம்.

உங்கள் கன்சோலின் பின்பக்கப் புகைப்படத்தை வியாழனுக்குள் இங்கே அனுப்புங்கள். தூசியைத் துடைக்காமலே எடுங்கள்.