‘மேபெலீன்’ பாடலை எழுதியவர் ஒருவரே

மேற்கத்திய இசை வரலாற்றைத் தமிழில் எழுதியும் பேசியும் வரும் அன்பர்களுக்கு,

வணக்கம். வானொலித் தொகுப்பாளர் ஆலன் ஃப்ரீடையும், பாட்டை ஒலிபரப்பக் கையூட்டு வாங்கும் பயோலா வழக்கத்தையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆயினும் அண்மையில் தமிழில் வெளிவந்த ஒரு நிகழ்ச்சியில், 1955இல் வந்த ‘மேபெலீன்’ பாடலைச் சக் பெர்ரியும் ஃப்ரீடும் சேர்ந்து எழுதியதாகச் சொல்லக் கேட்டேன். இது முதன்முறை அன்று என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

அப்பாடலைப் பெர்ரி மட்டுமே எழுதினார். சிகாகோவின் செஸ் நிறுவனம் அதை வெளியிட்டபோது, நியூயார்க்கின் வின்ஸ் வானொலியில் பெருஞ்செல்வாக்குடன் இருந்த ஃப்ரீடின் பெயரும், செஸ் நிறுவனத்தோடு தொழில் தொடர்பு கொண்டிருந்த ரஸ் ஃப்ராட்டோவின் பெயரும் இசைத்தட்டில் எழுத்தாளர்களாக அச்சாயின. பெர்ரிக்கு இது பாட்டு வெளியான பிறகே தெரியவந்தது. உறையில் வைத்துத் தரும் பணம் ஒருமுறையோடு முடிந்துவிடும். எழுத்தாளர் பட்டியலில் இடம்பெற்ற பெயரோ இசைத்தட்டு விற்கும்போதெல்லாம், பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் உரிமைத்தொகையில் பங்கு பெறும். அந்தப் பாட்டை மீண்டும் மீண்டும் ஒலிபரப்புவதில் தொகுப்பாளருக்கு ஆதாயம் பிறந்தது. அதற்கான செலவு, அப்போதுதான் முதல் இசைத்தட்டை வெளியிட்டிருந்த ஒரு கறுப்பினக் கலைஞரின் வருமானத்திலிருந்து போனது. முழு உரிமை பெர்ரியின் பெயருக்குத் திரும்ப 1986 வரை ஆயிற்று.

ஃப்ரீடின் தொண்டை நான் மறுக்கவில்லை. கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை வெள்ளையர் பாடிய நகல்களே வானொலியை நிறைத்திருந்த காலத்தில், அவர் மூலப் பதிவுகளை ஒலிபரப்பினார். பெரிய நிறுவனங்களின் விற்பனை வலிமை இல்லாத செஸ் போன்றோருக்கு அவரைப் போன்ற தொகுப்பாளர்களே வழி திறந்தார்கள். அதைச் சொல்லுங்கள், அந்த வழிக்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1960இல் அமெரிக்கக் காங்கிரஸ் நடத்திய விசாரணை, பணம் வாங்கிய தொகுப்பாளர்கள் மீதே கவனம் செலுத்தியது. அதன்பின் வந்த சட்டம், பணம் பெற்று ஒலிபரப்புவதை நேயர்களிடம் அறிவிக்க வேண்டும் என்றதே தவிர, பிறர் பெயருக்குப் போன பாடல்களை மீட்டுத் தரவில்லை. 1962இல் ஃப்ரீட் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் பெற்றார். அத்தீர்ப்பால் பெர்ரிக்கு எதுவும் திரும்பவில்லை. விசாரணைக் குழு விட்டதை நாமும் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பழைய இசைத்தட்டின் முகப்பில் உள்ளதை அப்படியே படிப்பது, அந்தப் பேரத்துக்கு நாமே சான்றளிப்பதாகிவிடும்.

ஆகவே, ‘மேபெலீன்’ பற்றிப் பேசும்போது அதை எழுதியவர் சக் பெர்ரி ஒருவரே என்று குறிப்பிடவும், மற்ற இரு பெயர்கள் சேர்ந்த விதத்தை ஓரிரு வாக்கியங்களில் விளக்கவும், முன்பு வெளியிட்டவற்றில் இதற்குரிய திருத்தத்தைச் சேர்க்கவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்