தீவுகளையும் சாலைகளையும் எண்ணுவது குறித்துக் குடியாத்தம் ஆசிரியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் வகுப்புச் சுவரில் மாணவர்கள் வரைந்து ஒட்டிய தீவுப் படத்தைப் புகைப்படமாக அனுப்பி, பென்சிலை எடுக்காமல் எல்லாச் சாலைகளையும் ஒரே ஒரு முறை மட்டும் வரைந்து முடிக்க இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். வரைந்து பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தீவையும் எத்தனை சாலை முனைகள் தொடுகின்றன என்று எண்ணினால் போதும். வழியிலுள்ள தீவுக்குள் ஒரு சாலையால் நுழைந்தால் வேறொன்றால் வெளியேற வேண்டும் என்பதால், அங்குள்ள சாலைகள் இரண்டிரண்டாகத் தீர்கின்றன. ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள தீவு, புறப்படும் இடமாகவோ முடியும் இடமாகவோதான் இருக்க முடியும். படம் முழுவதும் இணைந்திருந்து, அத்தகைய தீவுகள் இரண்டு இருந்தாலோ ஒன்றுகூட இல்லாவிட்டாலோ வரையலாம். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களில் நான்கு நிலப்பகுதிகளுக்கும் 5, 3, 3, 3 என்று வந்ததால்தான், ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறை மட்டும் கடந்து நடப்பது அங்கே இயலவில்லை என்று கணித அறிஞர் ஆய்லர் காட்டினார்.

நீங்கள் எழுதிய எண்ணிக்கை அ 3, ஆ 3, இ 4, ஈ 4, உ 3. இதில் ஒற்றைப்படைத் தீவுகள் மூன்று. மூன்று என்பது எந்தப் படத்திலும் வர முடியாது. ஒவ்வொரு சாலைக்கும் இரு முனைகள் இருப்பதால் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகவே இருக்கும், உங்களுடையதோ 17. எனவே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈ-யிலிருந்து கிளம்பும் ஒரு சாலை, உ-வை அடையும் இடத்தில் விளக்கொளி பட்டு வெளுத்திருக்கிறது. ஆகவே உ-வுக்கு 4; மொத்தம் 18 முனைகள், 9 சாலைகள். அ-வும் ஆ-வும் மட்டுமே நேரடியாக இணையாதவை, ஒற்றைப்படையானவையும் அவையே. அ–இ–ஈ–அ–உ–இ–ஆ–ஈ–உ–ஆ என்று போனால் முடிந்துவிடுகிறது. அ-விலோ ஆ-விலோ அல்லாமல் வேறெங்கு தொடங்கினாலும் முடியாது.

கடலின் நடுவே இரு சாலைகள் குறுக்கிடும் இடத்தைப் பற்றியும் ஐயப்பட்டிருந்தீர்கள். அது நாற்சந்தியா, காட்பாடியில் ரயில்பாதைக்கு மேலே செல்லும் பாலம்போல் ஒன்றன்மேல் ஒன்றா என்று படத்தில் தெரியவில்லை. இந்தப் படத்தில் அது தெரியத் தேவையுமில்லை: சந்தியாகக் கொண்டால் அங்கே 4 முனைகள் சேரும், அது இரட்டைப்படை, விடை மாறாது. ஒரு சாலை மற்றொன்றின் நடுவில் முட்டி நிற்கும் முச்சந்தியாக இருந்தால்தான் விடை மாறும். அங்கே 3 வருவதால் அதைத் தனிப் புள்ளியாக எண்ண வேண்டும்.

இந்தக் கூட்டல் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு முனை விடுபட்டால் அது காட்டிக்கொடுக்கும்; ஒரு சாலையின் இரு முனைகளுமே விடுபட்டால் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகவே நின்று ஏமாற்றிவிடும். ஆகவே சுவரிலுள்ள மூலப்படத்தில் 9 சாலைகள்தான் உள்ளனவா என்று நேரில் ஒருமுறை எண்ணிவிட்டு மாணவர்களிடம் விடையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து உங்கள் அண்ணன்