தேர்வு முடிந்த முதல் வாரம்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே,

தேர்வு அட்டவணை ஒட்டப்பட்ட அன்றே தடகள அணியின் பயிற்சியை நிறுத்திவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். மூன்று வாரம் கழித்து மாணவர்கள் மைதானத்துக்கு வருவார்கள். போட்டி நெருங்கிவிட்டதே என்று பயிற்சியாளர்களாகிய நாங்களும் முதல் நாளே விசிலை ஊதி முழு வேகத்தில் ஓடவிடுவோம். தொடைப் பின்தசை பிடித்துக்கொள்ள இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

ஓட்டத்தில் சேர்த்த தாக்குப்பிடிக்கும் திறனும் தசை வலிமையும் சுமார் ஒரு மாதம் வரை பெரிதாகக் குறையாது. உச்ச வேகமோ சில நாட்களிலேயே மழுங்கத் தொடங்கும். அதனால் திரும்பி வரும் மாணவனுக்கு மூச்சு வாங்காது. பழைய மாதிரியே இருப்பதாக நினைப்பான். ஆனால் வேக ஓட்டத்தில் கால் முன்னே வீசப்பட்டுத் தரையைத் தொடப்போகும் கணத்தில், நீண்டபடியே அதை இழுத்துப் பிடிப்பது தொடைப் பின்தசைதான். அந்த வேலை அதற்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

ஆகவே தேர்வுக் காலத்தில் அளவைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். வாரம் ஐந்து நாள் பயிற்சி செய்யும் 200 மீட்டர் ஓட்டக்காரருக்கு இரண்டு நாள் போதும், தலா 40 நிமிடம். 15 நிமிடம் உடலைச் சூடேற்றியபின் 30 மீட்டர் வேக ஓட்டம் நான்கு முறை, நடுவே மூன்று நிமிட ஓய்வு. பிறகு ஸ்குவாட் இரண்டு செட், வீட்டுக்குப் போகலாம். மறுநாள் தேர்வு இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள்.

தூங்காமல் படித்துவிட்டு வருபவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சூடேற்றியதும் நின்ற இடத்திலிருந்து மூன்று முறை நீளம் தாண்டச் சொல்லி டேப்பில் அளப்போம். வழக்கமான தூரத்தைவிட 10 செ.மீ.க்கு மேல் குறைந்தால் அன்று வேக ஓட்டம் கிடையாது. கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் சொல்வார்கள்.

தேர்வு முடிந்தபின் நான்கு வாரம் வேண்டும். முதல் வாரம் வழக்கமான அளவில் பாதி. வேகம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஸ்பைக் ஷூவும் வேண்டாம். இரண்டாம் வாரம் முக்கால் அளவு, 90 முதல் 95 சதவீத வேகம். மூன்றாம் வாரம்தான் முழுப் பயிற்சி. நான்காவது வாரம் போட்டி வாரம்: வேகம் அப்படியே, அளவு பாதி. தேர்வுக் காலத்தில் பயிற்சியை அறவே விட்டவருக்கு முதல் வாரத்தை இரண்டு முறை நடத்த வேண்டும். அவருக்கு இந்த நான்கு வாரம் போதாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. கல்வியாண்டு தொடங்கும்போதே தேர்வுத் தேதிகளை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள்; ஆண்டுத் திட்டத்தில் அவற்றை முதலில் குறித்தபின்தான் மற்றதை நிரப்ப முடியும். பள்ளி விளையாட்டு விழாவைத் தேர்வு முடிந்த மூன்று வாரத்துக்குள் வைக்காதீர்கள். வெளிப் போட்டி அந்த நாட்களில் வந்தால், குறுந்தூர ஓட்டக்காரர்களை அனுப்பாமல் விடும் முடிவை ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளித் தடகளப் பயிற்சியாளர்கள் சிலர்