2024-25 ஆண்டறிக்கை: செல்போன் பழுதுபார்ப்போர், உதிரிப்பொருள் விற்போர் சங்கம்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடந்தன. ஆடி மாதக் கூட்டம் மட்டும் ஆள் சேராமல் தள்ளிப்போனது. அதைப் பற்றிப் பேசி நேரத்தைப் போக்க வேண்டாம். இந்த ஆண்டின் முக்கியமான சங்கதி புதிதாகச் சேர்ந்த தம்பி, தங்கைகள். பெரும்பாலோர் வங்கி நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் 30 நாள் இலவசப் பயிற்சி முடித்தவர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் செட், பிளாஸ்டிக் ஓப்பனர், ட்வீசர், மல்டிமீட்டர், யுஎஸ்பி மீட்டர், ஒரு பாட்டில் ஐபிஏ, ஒரு பிரஷ் என 2,000 ரூபாய்க்குள் அடங்கும் பையோடு கடை போட்டவர்கள். அந்தப் பையை வைத்து எதில் காசு வருகிறது, எதில் போகிறது என்று கணக்கெடுத்துச் சொல்லும்படி செயற்குழு கேட்டது. இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் அதுதான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆறடிக்கு நாலடிக் கடை வைத்திருக்கும் புது உறுப்பினர் ஒருவர் தை மாதக் கணக்கு நோட்டைத் தந்து உதவினார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த மாதம் அவர் ஒட்டிய டெம்பர் கிளாஸ் 112. சராசரியாக 30 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு ஒட்டியதில் 7,840 ரூபாய் நின்றது. ஒட்டும்போது உடைந்தும் தூசி விழுந்தும் வீணானது 9, அதாவது 270 ரூபாய். பவுச், கேபிள், இயர்போன் விற்றதில் 5,200. ரிப்பேர் கூலி 6,450. ஆக வரவு 19,220. வாடகை 4,000, மின்சாரம் 450, சரக்கு எடுக்கப் போய்வந்த செலவு 600, திரும்பி வந்த வேலைகளை இலவசமாகச் செய்து கொடுத்ததில் 700. இவை போக மிச்சம் 13,470.

ரிப்பேரைவிட கிளாஸில்தான் அதிகம் நின்றிருக்கிறது. ரிப்பேர்காரன் என்று போர்டு எழுதிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தலாக இருக்கலாம், ஆனால் நோட்டு அப்படித்தான் சொல்கிறது. இன்னொன்றும் சொல்கிறது. விற்காமல் தொங்கும் கிளாஸும் பவுச்சுமாக 2,300 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. வியாபாரி சொன்னார் என்று எல்லா மாடலிலும் பத்துப் பத்து வாங்கியதன் பலன் அது. சென்னை ரிச்சி தெருவில் எடுத்தாலும் சரி, பக்கத்து ஊர் மொத்தக் கடையில் எடுத்தாலும் சரி, முதலில் நம் தெருவில் எந்த போன் நடமாடுகிறது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஒரே கண்ணாடி பல மாடலுக்குப் பொருந்தும் என்பதும் கைகொடுக்கும். ரெட்மி 9ஏ கண்ணாடி 9சி-க்கும் உட்காரும். இப்படிப் பொருந்தும் மாடல்களைச் சுவரில் எழுதி ஒட்டிய உறுப்பினர்களிடம் சரக்கு குறைவாகத்தான் முடங்கியிருக்கிறது.

கிளாஸ் ஒட்டுவதைப் பற்றி வந்த புகார்களில் பாதி தூசி, மீதி சண்டை. தூசிக்கு மருந்து எளிது. மின்விசிறியை நிறுத்துங்கள். கடை பெருக்கிய உடனே ஒட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, கடைசியாக தூசி ஸ்டிக்கரை ஒற்றி எடுத்த மறு நொடியே கண்ணாடியை வைத்துவிட வேண்டும். அப்படியும் ஒரு புள்ளி மாட்டினால் மூலையில் செல்லோடேப் ஒட்டிக் கண்ணாடியைத் தூக்கி, இன்னொரு துண்டு டேப்பால் அந்தப் புள்ளியைத் தொட்டு எடுக்கலாம். விரல் நகத்தால் நெம்பினால் கண்ணாடியின் ஓரம் பெயரும்.

சண்டைக்குக் காரணம் வேறு. பழைய கிளாஸ் நொறுங்கிப் போய் வருகிறது. பிரித்தால் அடியில் டிஸ்பிளேயிலேயே கீறல். "நீ பிரிக்கும்போது உடைச்சுட்டே" என்கிறார் வாடிக்கையாளர். பிப்ரவரியில் ஒரு உறுப்பினர் இதனால் தன் கைக்காசில் காம்போ மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. ஆகவே, பழைய கிளாஸைப் பிரிக்கும் முன் "அடியில் கீறல் இருக்கலாம், உங்க முன்னாடியே பிரிக்கிறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பிரியுங்கள். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் வரும்வரை காத்திருங்கள். அப்புறம், "9எச், சுத்தியலால் அடித்தாலும் உடையாது" என்று விற்பதை நிறுத்துங்கள். 9எச் என்பது பென்சில் கீறலை வைத்து அளக்கும் கடினம். மணல் பட்டால் அதுவும் கீறும், கீழே விழுந்தால் உடையும். உடைந்தால்தான் நமக்கு அடுத்த வியாபாரம் என்பது வேறு விஷயம்.

வளைந்த திரைக்கு யுவி பசை ஊற்றி ஒட்டும் கிளாஸில் லாபம் அதிகம், ஆபத்தும் அதிகம். பசை காதருகே இருக்கும் ஸ்பீக்கர் வலைக்குள்ளும் பக்கவாட்டு பட்டன் இடுக்கிலும் இறங்கி, விளக்கு பட்டதும் இறுகிவிடும். இந்த ஆண்டு அப்படி இரண்டு போன்கள் பேச்சுச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்தன. ஒட்டுவதற்கு முன் ஸ்பீக்கர் துளையையும் பட்டன்களையும் டேப்பால் மூட வேண்டும். பசை அளவாக இருக்க வேண்டும். கை பழகாதவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. தலைவர் இதில் என்னோடு உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி ரிப்பேர். நோட்டில் உள்ள ரிப்பேர் வேலைகளில் அதிகம் வந்தது "சார்ஜ் ஏறவில்லை" என்பதுதான். புது உறுப்பினர் அதிகம் தடுமாறுவதும் இதில்தான். மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். பூ விற்கும் அம்மா ஒருவர் போனைக் கொண்டுவந்து, "புது சார்ஜர் வாங்கியும் ஏறல தம்பி" என்றார். தம்பி யோசிக்கவே இல்லை. சார்ஜிங் போர்டு போயிருக்கும், 350 ஆகும் என்று சொல்லி, ஓப்பனரை எடுத்துப் பின்மூடியைப் பிரித்தார். அந்த மாடலில் கைரேகை சென்சார் பின்மூடியில் இருக்கிறது. அதன் மெல்லிய பட்டை மதர்போர்டில் மாட்டியிருக்கும். மூடியை வெடுக்கென்று தூக்கியதும் பட்டை அறுந்தது. பயந்துபோய் போனை என் கடைக்குக் கொண்டுவந்தார்.

நான் கேபிளைச் சொருகிப் பார்த்தேன். முழுதாக உள்ளே போகவில்லை, நகக்கண் அளவு வெளியே நின்றது. டார்ச் அடித்தால் ஓட்டைக்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சு. சுருக்குப்பையில் போன் வைப்பவர்களுக்கு இது சகஜம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் சுரண்டினேன். அழுந்திப்போன பஞ்சுக் கட்டி வெளியே வந்தது. பிரஷ்ஷில் துளி ஐபிஏ தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு சொருகினால் டக்கென்று உட்கார்ந்தது, சார்ஜும் ஏறியது. 30 ரூபாய் வேலை. அறுந்த பட்டைக்குப் புதுசு 120 ரூபாய், வந்து சேர 2 நாள், அந்த அம்மாவிடம் திட்டு. எல்லாம் தம்பி கணக்கில்.

அதனால் திறப்பதற்கு முன் வரிசை மாறாமல் பாருங்கள். முதலில் நம் கடையில் நன்றாக வேலை செய்யும் கேபிள், சார்ஜர். அடுத்து டார்ச். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். டைப்-சி ஓட்டையின் நடுவே இருக்கும் மெல்லிய நாக்கில்தான் கம்பிகள் எல்லாம் இருக்கின்றன, ஊசி அதைக் கீறிவிடும். அப்புறம் யுஎஸ்பி மீட்டர். பாட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும். நிறையும் நேரத்தில் கரண்ட் தானாகவே குறையும், அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. 5 வோல்ட்டில் 1 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டிய போன் 0.2, 0.3 என்று காட்டினால் அழுக்கு, தேய்ந்த பின், அல்லது கேபிள். 0.00 என்றால் பின் அல்லது போர்டு. கரண்ட் நன்றாகப் போயும் சதவீதம் ஏறாவிட்டால் பாட்டரியைச் சந்தேகப்படுங்கள். வேக சார்ஜரில் வோல்ட் 9-க்கு ஏறும், அப்போது ஆம்பியர் குறைவாகத் தெரிவது பழுது அல்ல. ஆகவே இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் சரியாகாவிட்டால்தான் திறக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலை பாட்டரி கனெக்டரைக் கழற்றுவது. சார்ஜிங் பின் தனிப் போர்டில் இருக்கும் மாடலில் ஸ்க்ரூ கழற்றி மாற்றலாம், நம் சின்னப் பை போதும். மதர்போர்டிலேயே பின் பற்றவைத்திருந்தால், அல்லது உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால், ஹாட் ஏர் மெஷின் உள்ள உறுப்பினரிடம் அனுப்பிவிடுங்கள். அனுப்பியவருக்குக் கூலியில் ஒரு பங்கு தருவது என்று ஐப்பசிக் கூட்டத்தில் பேசி முடித்தோம். அது ஒழுங்காக நடக்கிறது.

காம்போ மாற்றுவதில் இரண்டு நஷ்டங்கள் வந்தன. ஒருவர் ஒட்டி முடித்த பிறகே டச் பார்த்தார். கீழ் ஓரத்தில் வேலை செய்யவில்லை. பசை பட்ட காம்போவை மொத்தக் கடை திருப்பி எடுக்கவில்லை. கனெக்டரை மட்டும் மாட்டி நான்கு மூலையிலும் டச், வெளிச்சம், நிறம் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இன்னொருவர் அமோலெட் திரை போனுக்கு விலை குறைந்த டிஎஃப்டி காம்போ போட்டார். படம் நன்றாகத்தான் வந்தது. திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை மட்டும் அதன் பிறகு எடுக்கவே இல்லை. அந்த சென்சார் திரையை ஊடுருவித்தான் விரலைப் பார்க்கிறது, டிஎஃப்டி-யின் பின்விளக்கு அதை மறைத்துவிடும். மலிவானதைப் போடுவது தவறில்லை. கைரேகை போய்விடும் என்று முன்பே சொல்லி, பில்லிலும் எழுதியிருந்தால் சண்டை வந்திருக்காது.

உப்பிய பாட்டரிகளைக் குப்பையில் போடாமல் மணல் வாளியில் வைத்து, பழைய பாட்டரி எடுப்பவரிடம் கொடுத்தோம். ஓப்பனரால் நெம்பிக் குத்தி யாரும் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை.

ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தரச் சொல்லி இரண்டு பேர் நம் கடைகளுக்கு வந்தனர். இருவரையும் திருப்பி அனுப்பினோம். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய போன் வாங்குகிறவர்கள் `*#06#` அழுத்தி எண்ணை எடுத்து, KYM என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கவும். விற்பவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வையுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அடுத்த ஆண்டுக்கு ஒரே தீர்மானம்தான் கொண்டுவருகிறேன். புதிதாகச் சேர்பவர் முதல் மாதம் ஏதாவது ஒரு மூத்த உறுப்பினர் கடையில் வாரம் ஒரு நாள் உட்கார வேண்டும், மூத்தவர் அதற்குக் காசு கேட்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் ஹீட்டிங் பிளேட்டைப் பங்குனியில் வாங்கிப் போனவர் யாரென்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் டீக்கடைப் பக்கம் நிற்பேன், அங்கே கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்