ஹெக்டேருக்கு எத்தனை டன் கார்பன்?

ஆசிரியருக்கு,

பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளில் புதைந்துள்ள கார்பனை ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று ஒரே எண்ணில் கூறிய தங்கள் செய்தியைப் படித்தேன். எவ்வளவு ஆழம் வரை மண் எடுக்கப்பட்டது, மாதிரிக்காகக் கடல்தரையில் இறக்கிய குழாய்க்குள் அது எவ்வளவு அமுங்கியது என்பவை தெரியாமல் அந்த எண்ணை ஏற்க இயலாது. ஒரு கன சென்டிமீட்டர் படிவின் உலர் எடை 1 கிராம், அதில் கரிமக் கார்பன் 1 விழுக்காடு எனில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 100 டன் வரும். தொண்டி அருகே மாதிரி எடுத்தவர்களுக்கு உதவியாகப் படகில் சென்றிருந்தபோது, ஒரு மீட்டர் இறக்கிய பிவிசி குழாய்க்குள் கோலை விட்டு அளந்தோம். வெளித்தரையைவிட உள்ளே மண் 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அதாவது, ஒரு மீட்டர் மண் 80 சென்டிமீட்டருக்குள் அமுங்கியிருந்தது. அமுங்கிய அந்த மண்ணின் அடர்த்தியை அப்படியே ஒரு மீட்டருக்குப் பெருக்கியிருந்தால், 100 டன் 125 டன்னாகியிருக்கும்.

இன்னொரு பிழை சிப்பித்தூளால் வருகிறது. அதிலுள்ள சுண்ணாம்பும் கார்பனைக் கொண்டதே. ஆனால் அது செடி சேர்த்துவைத்த கார்பன் அல்ல. மாதிரியை அமிலமிட்டு அதை நீக்காவிட்டால் கணக்கு மேலும் ஊதிவிடும். சேறு மிகுந்த அலையாத்திக் காட்டைவிடச் சிப்பி மிகுந்த கடற்புல் தரையில் இந்தத் தவறு பெரிதாகும். ஆகவே, இத்தகைய அறிக்கைகளை வெளியிடும் துறைகள், மாதிரியின் ஆழம், அமுங்கல் அளவு, அமிலச் சுத்திகரிப்பு ஆகிய மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். தாங்களும் அவற்றைக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், தொண்டி